திருவிழாக் கணக்கில் துண்டு விழுந்த 47,000 ரூபாய்: பொருளாளர் மீது போலீஸ் புகார் கொடுக்கலாமா?

வாசகர் கடிதம்

ஐயா, சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் கோயில் விழாக் குழுவில் நான் செயலாளர். ஊரில் 170 தலைக்கட்டு. போன வருடம் தலைக்கட்டு வரி 2,500 ரூபாய். தெருத் தெருவாக வசூலித்தது எங்கள் இளைஞர் மன்றத்துப் பையன்கள். 148 வீடு கட்டியது, 22 வீடு கட்டவில்லை. நன்கொடை 95,000. மொத்த வரவு 4,65,000. ஆனால் பொருளாளர் 5,12,000 செலவு என்கிறார். 47,000 ரூபாயைக் கைக்காசு போட்டதாகச் சொல்கிறார். பில் இருப்பது 4,38,000-க்குத்தான். நோட்டைக் கேட்டால் ‘என்னைச் சந்தேகப்படுறியா?’ என்று கோபப்படுகிறார். அவர் எனக்குப் பங்காளி வகையில் அண்ணன். நன்கொடை பாதி அவருடைய போன் நம்பருக்கே வந்திருக்கிறது.

இந்த வருடம் கச்சேரி பெரிதாக வேண்டும், வரியை 4,000 ஆக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்கள் 2,500-க்கு மேல் கூடாது, கச்சேரியே வேண்டாம் என்கிறார்கள். அன்னதானச் சமையல் வருடா வருடம் அதே எட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. அவர்களும் இந்த முறை வரமாட்டோம் என்கிறார்கள். சாட்டுதலுக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. போலீஸில் புகார் கொடுக்கலாமா? வரி கட்டாத 22 வீட்டை ஒதுக்கி வைக்கலாமா? அல்லது நான் ராஜினாமா செய்துவிட்டு இளைஞர்களோடு தனிக் குழு ஆரம்பிக்கலாமா?

பதில்: வழக்கறிஞர், சமரசர்

அன்புள்ள செயலாளருக்கு, புகார் பற்றிப் பேசும் முன் நீங்கள் எழுதிய எண்களையே ஒரு முறை கூட்டிப் பார்ப்போம். 170 வீடும் கட்டியிருந்தால் வரி 4,25,000 வந்திருக்கும். நன்கொடை 95,000 சேர்த்தால் 5,20,000. பொருளாளர் காட்டும் செலவு 5,12,000. அதாவது அவர் சொல்லும் செலவு, ஊர் முழுக்க வரி கட்டும் என்று நம்பிப் போட்ட திட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. துண்டு விழுந்த இடம் வசூல். 22 வீட்டு நிலுவை 55,000 ரூபாய். துண்டு 47,000. நிலுவை வந்திருந்தால் 8,000 மிச்சமே இருந்திருக்கும்.

அவர் எழுதிய ஒவ்வொரு செலவும் சரி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ‘47,000 எங்கே போனது?’ என்று ஊர் அவரைக் கேட்பது தவறான கேள்வி. வராத பணத்தை யாரும் எடுத்திருக்க முடியாது. வசூல் உங்கள் மன்றத்தின் கையில் இருந்தது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று. செலவு 5,12,000-இல் பில் இருப்பது 4,38,000 போக, 74,000 ரூபாய்க்குச் சான்று இல்லை. இது கோயில் விழாவில் சாதாரணம். பூக்காரர், மேளக்காரர், பூசாரி தட்சிணை, வேட்டுப் போட்டவர், குப்பை அள்ளிய கூலி, டிராக்டர் வாடகை, ராத்திரி டீ என்று பில் தராத செலவுகளே பாதி விழா. இதைத் தீர்க்க வழி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்ட மூன்றுக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

போலீஸ், ஒதுக்கி வைத்தல், தனிக் குழு

நம்பிக்கை மோசடி என்பது பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவில் வருகிறது. அதற்குப் பணம் கையில் கொடுக்கப்பட்டிருந்தால் போதாது, அதை நேர்மையற்ற எண்ணத்தோடு தன் உபயோகத்துக்குத் திருப்பினார் என்று காட்ட வேண்டும். பில் இல்லை, நோட்டைத் தர மறுக்கிறார் என்பவை மட்டும் அந்த எண்ணத்தை நிரூபிக்காது. நீங்கள் புகார் கொடுத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: காவல் நிலையம் இதை சிவில் தகராறு என்று ஒதுக்கும், ஆனால் ஊரில் இரு தரப்பு இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளும். விழாவுக்கு அனுமதி கேட்டுப் போகும்போது வட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். இரு தரப்பும் கையெழுத்துப் போடாவிட்டால் கச்சேரிக்கோ ஊர்வலத்துக்கோ அனுமதி கிடைக்காமல் போகும். ஏழு வாரம் அதிலேயே கரைந்துவிடும்.

அவர் பக்கமும் சட்டம் கொஞ்சம் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்காக முறையாகச் செலவு செய்து, அந்தப் பலனை மற்றவர் அனுபவித்திருந்தால் ஈடு தர வேண்டும் என்கிறது. எனவே ‘அம்மனுக்குப் போட்டதைத் திருப்பிக் கேட்பார்களா?’ என்று அவர் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். செலவு உண்மை என்று தெரிந்துவிட்டால், அந்த 47,000 குழு அவருக்குப் பட்டிருக்கும் கடன்.

வாட்ஸ்அப் குழுவில் யாராவது அவரைத் திருடன் என்று எழுதியிருந்தால் இன்றே நீக்கச் சொல்லுங்கள். அவதூறு பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் குற்றம். எழுதியவர் மாட்டிக்கொண்டால், கணக்குக் கேட்டவர்கள் அத்தனை பேரும் பேசும் தகுதியை இழந்துவிடுவார்கள்.

22 வீட்டு விஷயத்தில் உங்கள் எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். பெயர்தான் வரி. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு. தலைக்கட்டுப் பணம் ஊர்க் கட்டுப்பாட்டில் மனமுவந்து தருவது, அவ்வளவுதான். கட்டாதவர் வீட்டு முளைப்பாரியைத் தடுப்பது, கூழ் ஊற்ற மறுப்பது, அவர்களோடு பேசக்கூடாது என்று சாட்டுவது எல்லாம் அவர்களுக்கு உங்கள் மேல் மிரட்டல் புகார் கொடுக்க வழி திறக்கும். அப்போது குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் செயலாளருடையதாக இருக்கும்.

தனிக் குழு, ராஜினாமா இரண்டுக்கும் ஒரே பதில். பதிவு செய்யாத குழுவுக்குச் சட்டத்தில் தனி உயிர் இல்லை. ஒலி ஒளிக்காரருக்கு யார் அட்வான்ஸ் கொடுத்தாரோ, யார் பெயரில் சீட்டு இருக்கிறதோ, மீதிப் பணத்துக்கு அவரைத்தான் பிடிப்பார்கள். ராஜினாமா கடிதம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை அழிக்காது. இரண்டு குழு, இரண்டு ரசீது புத்தகம் என்று போனால், ஒரே கோயிலுக்கு இரண்டு அனுமதி மனுவோடு நிற்பீர்கள். கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் இருந்தால் செயல் அலுவலரோ தக்காரோ உள்ளே வருவார், விழாவின் நிர்வாகம் இரண்டு தரப்பு கையிலும் இல்லாமல் போகலாம்.

நோட்டை முடிப்பது எப்படி

கணக்கு, பட்ஜெட், வேலைப் பங்கீடு மூன்றையும் ஒரே ராத்திரிக் கூட்டத்தில் பேசுவதுதான் வழக்கமான தப்பு. கணக்கில் சூடானவர் பட்ஜெட்டில் பழி தீர்ப்பார். மூன்று அமர்வாகப் பிரியுங்கள், வாரம் ஒன்று. சமுதாயக் கூடத்தில் காலை பத்து மணிக்கு வையுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கோயில் வாசலில் மைக் வைத்துப் பேசினால், பாதிப் பேர் எந்த நிலையில் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் அமர்வில் ஐந்து பேர் போதும்: பொருளாளர், நீங்கள், அவர் சொல்லும் ஒருவர், நீங்கள் சொல்லும் ஒருவர், இருவருக்கும் பொதுவாகக் கணக்குத் தெரிந்த ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர் மாதிரி யாராவது இருப்பார். ‘கணக்கைக் காட்டு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘கணக்கை முடித்து அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுவோம்’ என்று கூப்பிடுங்கள். முதலில் பேச வேண்டியவர் அவர். குழுவுக்குக் கடன் கொடுத்திருப்பவர் என்ற இடத்தில் அவர் உட்காரட்டும்.

ஆனால் முதலில் விரிக்க வேண்டியது வரவு. மன்றத்திடம் எத்தனை ரசீது புத்தகம் போனது, எத்தனை திரும்பி வந்தது, எண் வரிசையில் விட்டுப்போனது உண்டா என்று பாருங்கள். 148 அடிக்கட்டை இருக்க வேண்டும். பிறகு 22 வீட்டுக்கும் இரண்டு பேராகப் போய், கட்டினீர்களா என்று மட்டும் விசாரியுங்கள், பணம் கேட்காதீர்கள். ‘நான் அன்னைக்கே குடுத்துட்டேனே’ என்று இரண்டு வீடாவது சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். ரசீது கிழிக்காமல் வாங்கிய பணம் விழாச் செலவிலேயே கரைந்திருக்கும், அல்லது வாங்கிய பையன் மறந்திருப்பான். சந்தேகம் ஒரே ஆள் மேல் குவிந்து கிடப்பது இந்த ஒரு வேலையில் கலைந்துவிடும். உங்கள் தரப்புக் குறையையும் நீங்களே மேசையில் வைத்தால், அவர் நோட்டைத் திறக்கத் தயங்க மாட்டார்.

போன் நம்பருக்கு வந்த நன்கொடையைச் சரிபார்ப்பது எளிது. விழாவுக்கு முன்னும் பின்னும் சேர்த்து மூன்று மாத வங்கி அறிக்கையை அவர் எடுத்து, நன்கொடை வரிகளை மட்டும் டிக் அடித்துக் கொடுக்கட்டும். மற்ற வரிகளை மறைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, வீட்டுக் கணக்கை ஊர் பார்க்க வேண்டியதில்லை. கொடுத்தவர்கள் பட்டியலை ரசீதோடு ஒத்துப் பாருங்கள்.

இனி பில் இல்லாத 74,000. அவர் ஞாபகத்திலிருந்து பெறுநர் வாரியாக ஒரு பட்டியல் எழுதட்டும்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு. கூட இருக்கும் இரண்டு பேர் பூக்காரரையும் மேளக்காரரையும் டிராக்டர்காரரையும் கேட்டு உறுதி செய்து, சின்னச் செலவுச் சீட்டில் கையெழுத்து வாங்கட்டும். பழைய தேதி போடாமல், வாங்கும் அன்றைய தேதியைப் போட்டு ‘சென்ற ஆண்டு விழாவில் பெற்றேன்’ என்று எழுதச் சொல்லுங்கள். முன்தேதி போட்ட சீட்டு வெளியே தெரிந்தால் முழுக் கணக்கும் பொய்யாகிவிடும்.

உதாரணத்துக்கு, 74,000-இல் 62,000 உறுதியானது என்று வையுங்கள். மீதி 12,000-ஐ என்ன செய்வது? டீ, வெற்றிலை பாக்கு, அவசரத்துக்கு வாங்கிய கயிறு பல்பு என்று அவர் சொல்வது நம்பும்படி இருந்தால் ‘சில்லறைச் செலவு, சீட்டு இல்லை, ஐவரும் ஏற்றோம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பும்படி இல்லையென்றால் குழு அவருக்குத் தர வேண்டிய 47,000-இல் அதைக் கழித்து 35,000 என்று முடியுங்கள். இரண்டில் எது என்று அந்த அறையிலேயே தீர்மானியுங்கள், வெளியே கொண்டு வராதீர்கள். ஊருக்குப் படிக்க வேண்டியது கையெழுத்தான ஒரு பக்கச் சுருக்கம் மட்டும்.

அவருக்குத் தர வேண்டியதைப் புது வரியிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் போன வருடம் ஒழுங்காகக் கட்டியவர், கட்டாதவருக்காக இரண்டாம் முறை கட்டுகிறார். அது 55,000 நிலுவையிலிருந்து வரட்டும். அந்த 22-இல் கணவரை இழந்தவர், நோயாளி இருக்கும் வீடு, ஊரை விட்டே போனவர் இருப்பார்கள். அவர்கள் பெயரைத் தள்ளுபடி என்று எழுதி மூடுங்கள், பட்டியலை வெளியே ஒட்ட வேண்டாம். மற்றவர்களிடம் வந்தது போக மீதியை ‘அடுத்த இரண்டு விழா மிச்சத்திலிருந்து தரப்படும்’ என்று எழுதிக் கொடுங்கள். அதை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் பாடு, மேடையில் வைத்து விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இவ்வளவுக்கும் அவர் வர மறுத்தால், இரண்டு முறை எழுத்தில் கேளுங்கள். பிறகு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வெள்ளைத்தாளில் மனுக் கொடுக்கலாம். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இடம் தருகிறது. கட்டணம் இல்லை. இருவரும் ஒப்புக்கொண்டு வரும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நேராகக் கணக்குக் கேட்டு சிவில் வழக்குப் போட வேண்டுமானால், ஊர் சார்பாகச் சிலர் வழக்காட சிவில் நடைமுறைச் சட்டத்தில் முதலாம் கட்டளை 8-ஆம் விதிப்படி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் எத்தனை திருவிழா வந்து போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரியும் கச்சேரியும்

இரண்டாம் அமர்வில் எல்லாரும் சண்டை போடப்போவது 2,500-ஆ 4,000-ஆ என்று. அந்தக் கேள்வியையே உடைத்துவிடலாம். போன வருடச் செலவில் கச்சேரி, மேடை, அதற்கான ஒலி ஒளி மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கூட்டுங்கள். கடிதத்தில் அது இல்லை, 1,40,000 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் பூஜை, மேளம், பந்தல், விளக்கு, ஜெனரேட்டர், தண்ணீர், அன்னதானம் எல்லாம் சேர்ந்து 3,72,000. விலை ஏறியதற்காக இதை 3,90,000 ஆக்குங்கள். எதிர்பாராததுக்கு 20,000. மொத்தம் 4,10,000.

வரவை எழுதும்போது 170 வீடு என்று எழுதாதீர்கள், போன வருடத் தப்பு அதுதான். 148 வீடு என்பது நூற்றுக்கு 87. கொஞ்சம் குறைத்து 144 வீடு என்று வையுங்கள். 2,500 வீதம் 3,60,000. வருடா வருடம் தவறாமல் வரும் உபயம், நன்கொடை 60,000 என்று மட்டும் எழுதுங்கள். மொத்தம் 4,20,000. சாமி காரியமும் சாப்பாடும் பழைய வரியிலேயே முடிந்துவிடுகிறது, 10,000 மிஞ்சுகிறது. பெரியவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

கச்சேரி தனிச் சந்தா. திருப்பூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களிடம் மன்றம் தனி நிற ரசீதில் வசூலிக்கட்டும். தேவையான தொகையில் முக்கால் பங்கு குழுக் கணக்கில் விழும்வரை யாருக்கும் அட்வான்ஸ் இல்லை என்றும், சாட்டுதல் அன்று பணம் சேராவிட்டால் கச்சேரி சின்னதாகும் அல்லது நிற்கும் என்றும் எழுதிவிடுங்கள். பெரியவர்கள் இதற்குத் தடை சொல்ல முடியாது, அவர்கள் வரிப்பணம் அதில் இல்லை. மன்றமும் துண்டு விழுந்தால் பொருளாளரைக் கைகாட்ட முடியாது. ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் போடக் கூடாது. விழா நாட்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்த்தியிருந்தால்தான் விலக்கு. விடிய விடியக் கச்சேரி என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டு, அனுமதித் தாளில் பத்து மணி என்று வந்தால் நஷ்டம் உங்களுக்கே.

பணம் இனி யார் போனுக்கும் போகக் கூடாது. தீர்மான நகல், குழுவின் பான், கையெழுத்திடுபவர்களின் அடையாளச் சான்றோடு குழுப் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மூவரில் இருவர் கையெழுத்து. கியூஆர் அட்டை அந்தக் கணக்குக்கு மட்டும். பொருளாளருக்கும் இது பாதுகாப்பு: ஊர்ப்பணம் தன் கணக்கில் வந்ததற்கு அவர் நாளைக்கு யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

வேலை யார் பேரில்

எட்டுப் பெண்கள் சொன்னதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு செலவுக் கணக்கு. 600 பேருக்குச் சாப்பாடு என்றால் கிலோவுக்கு ஒன்பது பேர் வீதம் 65 கிலோவுக்கு மேல் அரிசி. அதற்குக் காய் நறுக்குவது, பரிமாறுவது, அண்டா கழுவுவது என்று இரண்டு நாள் வேலை. அதற்கு உங்கள் பட்ஜெட்டில் இதுவரை பூஜ்யம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் அமர்வுக்கு அவர்களில் இருவரைக் குழு உறுப்பினராகவே கூப்பிடுங்கள். சமையல் மாஸ்டரும் உதவியாளும் கூலிக்கு, பாத்திரம் கழுவ ஆள் கூலிக்கு, காய் நறுக்குவது தெருவுக்கு ஒரு முறை, பரிமாறுவது இளைஞர் மன்றம் என்று பிரித்தால் அவர்கள் கையில் மேற்பார்வை மட்டும் மிஞ்சும். கூலி எவ்வளவு என்று மாஸ்டரிடம் கேட்டு அந்த 3,90,000-க்குள் எழுதுங்கள், மேலே மிஞ்சிய 10,000 இதற்கு உதவும்.

மற்ற வேலைகளுக்கும் ஒரு தாள் போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர், அவர் இல்லாவிட்டால் யார், எவ்வளவு வரை செலவு செய்யலாம், எந்தத் தேதிக்குள். ‘பந்தல்: இளைஞர்கள்’ என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். எழுதிய தொகைக்கு மேல் 3,000 தாண்டினால் இன்னும் இருவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி. வசூலுக்கும் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கட்டும், சாட்டுதலுக்கு முந்தைய நாள் அடிக்கட்டையோடு பணத்தைக் கட்டிவிட வேண்டும்.

பரிவட்டம், முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சை யாராவது இந்த அமர்வுகளில் இழுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அறநிலையச் சட்டம் வரும் கோயிலில் அந்த உரிமையைத் தீர்மானிப்பது 63-ஆம் பிரிவில் இணை ஆணையரின் வேலை. வேலை செய்பவருக்கு மரியாதை, பணம் கொடுத்தவருக்கு மரியாதை என்று குழு பங்கிட ஆரம்பித்தால் பட்ஜெட் முடியவே முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன் அண்ணன் வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போங்கள், மன்றத்துப் பையன்கள் யாரும் கூட வர வேண்டாம். நோட்டைக் கேட்காதீர்கள். கையில் அந்த 22 வீட்டுப் பட்டியலையும், கூட்டினால் 55,000 வரும் தாளையும் கொண்டு போய், ‘அண்ணே, துண்டு விழுந்தது எங்க வசூல்லதான்’ என்று அண்ணி காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.